சுழி எங்கிருந்து வருகிறது? டொர்னாடோவும் கடல் நீர்த்தூணும்

வாட்ஸாப்பில் அவ்வப்போது ஒரு வீடியோ சுற்றி வரும். கருத்த மேகத்தின் அடியிலிருந்து யானைத் துதிக்கை மாதிரி ஒன்று கடல்வரை இறங்கியிருக்கும். அது கடலைத் தொடும் இடத்தில் தண்ணீர் வெள்ளையாகப் புகைந்துகொண்டிருக்கும். "மேகம் கடல் தண்ணியை எப்படி உறிஞ்சுது பாருங்க" என்று கீழே எழுதியிருப்பார்கள். கொஞ்ச நாள் கழித்து இன்னொரு வீடியோ வரும். அமெரிக்காவில் ஏதோ ஓர் ஊரில் அதே போன்ற துதிக்கை, ஆனால் இம்முறை கூரைகளும் கார்களும் பறக்கும். இரண்டுக்கும் ஒரே தலைப்பு, டொர்னாடோ.

தோற்றம் ஒன்றுதான். பிறப்பு வேறு. முதலாவது பெரும்பாலும் சாதுவான ஒரு மேகத்தின் கீழே உண்டாகி, கால் மணி நேரத்தில் கலைந்துவிடும். இரண்டாவதற்கு ஒரு முழு இடிமேகமே பம்பரம் போலச் சுழன்றாக வேண்டும். இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு கேள்வி போதும்: இந்தச் சுழற்சி எங்கிருந்து வந்தது?

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். 'சூறாவளி' என்று எழுதினால், இலங்கைத் தமிழர்கள் வங்கக்கடலில் உருவாகும் புயலை நினைப்பார்கள். அந்தப் புயல் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலம், பல நாள் ஆயுள். டொர்னாடோவுக்குப் பொதுவாக அகலம் சில நூறு மீட்டருக்குள், ஆயுள் சில நிமிடம். அதனால் டொர்னாடோ என்ற சொல்லையே வைத்துக்கொள்கிறேன். கடல்மேல் வருவதை நீர்த்தூண் என்கிறேன். கோடையில் காய்ந்த வயலில் சருகையும் புழுதியையும் தூக்கிக்கொண்டு ஓடும் சுழல்காற்று இந்த இரண்டிலும் சேராது. அதற்கு மேகமே தேவையில்லை, சூடான தரை போதும்.

மூர், மே 20, 2013

ஓக்லஹோமா மாநிலத்தில், ஓக்லஹோமா சிட்டிக்குத் தெற்கே ஒட்டியிருக்கும் ஊர் மூர். 2013 மே 20 அன்று பிற்பகல் 2.40 மணிக்கு வானிலைத் துறை அந்தப் பகுதிக்கு டொர்னாடோ எச்சரிக்கை கொடுத்தது. 2.56-க்கு ஊருக்கு மேற்கே நியூகாஸில் பக்கம் டொர்னாடோ தரையைத் தொட்டது. அடுத்த 39 நிமிடங்களில் ஏறக்குறைய 22 கிலோமீட்டர் நகர்ந்தது. அகலமான இடத்தில் அதன் குறுக்களவு 1.7 கிலோமீட்டர். 24 பேர் இறந்தார்கள். அவர்களில் ஏழு பேர் ஒரு தொடக்கப் பள்ளிக் குழந்தைகள். சேதத்தை வைத்துக் காற்றை மதிப்பிடும் இ.எஃப். அளவுகோலில் அதற்கு 5 கிடைத்தது. அதுதான் உச்சம். மணிக்கு 320 கிலோமீட்டருக்கு மேற்பட்ட காற்று என்று பொருள்.

அன்று அங்கே நடந்தது இதுதான். மூன்று வெவ்வேறு காற்றுகள் ஒரே இடத்துக்கு வந்திருந்தன, அவ்வளவுதான். தரையை ஒட்டி, மெக்சிகோ வளைகுடாவிலிருந்து தென்கிழக்குக் காற்று ஈரத்தையும் புழுக்கத்தையும் கொண்டுவந்தது. மேற்கிலிருந்து வறண்ட காற்று வந்து அதன் மேல் இடித்தது. இவற்றுக்கெல்லாம் மேலே, ஐந்தாறு கிலோமீட்டர் உயரத்தில், மேற்குக் காற்று பலமாக வீசிக்கொண்டிருந்தது. அமெரிக்க நடுச் சமவெளியில் வசந்த காலத்தில் இந்தக் கூட்டணி அடிக்கடி அமையும். டொர்னாடோ என்றதும் அந்தப் பகுதி நினைவுக்கு வருவது இதனால்தான்.

புழுக்கமான காற்று எடை குறைவு. வறண்ட காற்றின் ஓரத்தில் ஒரு தள்ளு கிடைத்ததும் அது மேலே கிளம்பும். மேலே போகப் போகக் குளிர்ந்து அதிலுள்ள ஈரம் மேகமாகும். அப்போது வெளிப்படும் வெப்பம் அதை இன்னும் வேகமாக மேலே தள்ளும். இதை ஏறுகாற்று என்று வைத்துக்கொள்வோம். பெரிய இடிமேகத்துக்குள் இது விநாடிக்கு 40, 50 மீட்டர் வேகத்தில்கூட ஏறும். லிஃப்ட் எல்லாம் இதன் முன்னால் ஒன்றுமில்லை.

நம் ஊர்க் கோடை இடிமழையிலும் ஏறுகாற்று உண்டு. ஆனால் அது பெரும்பாலும் முக்கால் மணி நேரத்தில் தன்னையே கொன்றுகொள்ளும். மேலே திரண்ட மழை, ஏறி வருகிற காற்றின் தலையிலேயே கொட்டி அதை அணைத்துவிடும். ஓக்லஹோமாவில் மேலே பலமான மேற்குக் காற்று இருக்கிறதல்லவா? அது மழையைச் சற்றுத் தள்ளிக் கொண்டுபோய்ப் பெய்ய வைக்கிறது. ஏறுகாற்றுக்கு ஒரு பாதை, மழைக்கு வேறு பாதை. அதனால் அந்த இடிமேகம் மணிக்கணக்கில் உயிரோடு இருக்கும். இதற்கு சூப்பர்செல் என்று பெயர். சுழலும் ஏறுகாற்று இதன் அடையாளம்.

படுத்திருந்த சுழல் எழுந்து நிற்பது

சுழற்சி ஏன் வந்தது? ஒரு பென்சிலை இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் கிடையாக வைத்து, மேல்கையை மட்டும் முன்னே நகர்த்திப் பாருங்கள். பென்சில் உருளும். காற்றிலும் அதேதான். கீழே மெதுவான காற்று, மேலே வேகமான காற்று இருந்தால், நடுவில் இருக்கிற காற்று கண்ணுக்குத் தெரியாத பென்சிலாகப் படுத்தபடி உருண்டுகொண்டிருக்கும். வெறும் தெளிந்த வானத்திலும் இது நடக்கிறது. யாருக்கும் தெரியாது, யாருக்கும் தொந்தரவும் இல்லை.

அந்த உருளை ஏறுகாற்றுக்குள் இழுபடும்போதுதான் கதை மாறுகிறது. கிடையாக வந்த உருளை மேல்நோக்கித் திரும்பும். சுழலும் ட்ரில் மெஷினைக் கிடையாகப் பிடித்தபடி நடந்து வந்து, அப்படியே அதன் நுனியை வானத்தைப் பார்க்கத் திருப்பினால் எப்படி இருக்கும்? சுழற்சி அதே சுழற்சிதான், அச்சு மட்டும் நிமிர்ந்துவிட்டது. இப்படி ஏறுகாற்று முழுவதுமே சுழலத் தொடங்கும். தரையிலிருந்து சில கிலோமீட்டர் உயரத்தில், சில கிலோமீட்டர் அகலத்தில், இந்தச் சுழல் நிற்கும். வானிலைக்காரர்கள் இதை மெசோசைக்ளோன் என்கிறார்கள்.

நிறையப் பேர் விளக்கத்தை இங்கேயே முடித்துவிடுகிறார்கள்: "படுத்த சுழல் நிமிர்ந்தது, அதுவே கீழே இறங்கி டொர்னாடோ ஆனது." நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். படம் வரையவும் சுலபம். ஆனால் அதில் ஒரு ஓட்டை இருக்கிறது. உருளையை நிமிர்த்துவது ஏறுகாற்று. நிமிரும் அதே நேரத்தில் அந்தக் காற்று தரையை விட்டு மேலே போய்க்கொண்டிருக்கிறது. அப்படியானால் நிமிர்ந்த சுழல் மேலேதான் கிடைக்கும், தரையில் கிடைக்காது. டொர்னாடோவோ தரையில் இருக்க வேண்டும்.

இது வெறும் ஏட்டு வாதமில்லை. ராடாரில் தெரியும் மெசோசைக்ளோன்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுதான் டொர்னாடோ தருகிறது. மற்ற மூன்றும் மேலே பயங்கரமாகச் சுழன்று, ஆலங்கட்டியைக் கொட்டி, தரையில் ஒன்றும் செய்யாமல் போய்விடுகின்றன. அமெரிக்காவில் கொடுக்கப்படும் டொர்னாடோ எச்சரிக்கைகளில் பெரும்பாலானவை பொய்த்துப் போவதற்கும் இதுதான் முக்கியக் காரணம். மேலே சுழல்வது தெரிகிறது, கீழே வருமா என்பது தெரியவில்லை.

குளிர்காற்று போடும் சுற்றுவழி

தரைக்குச் சுழற்சியைக் கொண்டுவருவது ஏறுகாற்று அல்ல, இறங்குகாற்று. இதுதான் கொஞ்சம் ஆச்சரியமான இடம்.

சூப்பர்செல்லில் மழை தனியாக ஒரு பக்கம் பெய்கிறது என்றேன். மழையும் ஆலங்கட்டியும் விழுகிற வழியில் ஆவியாகி, உருகி, அந்தக் காற்றைக் குளிர வைக்கும். குளிர்ந்த காற்று கனமானது, கீழே இறங்கும். ஃப்ரிட்ஜைத் திறந்தவுடன் காலில் சில்லென்று வந்து விழுகிறதே, அது மாதிரி. இப்போது தரையில் ஒரு பக்கம் குளிர்காற்று, பக்கத்திலேயே புழுக்கமான காற்று. குளிர்ந்தது இறங்கவும் சூடானது ஏறவும் பார்ப்பதால், இரண்டுக்கும் நடுவிலுள்ள எல்லையில் புதிதாக ஒரு உருளை உண்டாகும். முன்பு சொன்ன பென்சில் சுற்றிலும் உள்ள காற்று முழுவதிலும் இருந்தது. இது இடிமேகம் தானே தயாரித்த பென்சில்.

இந்த உருளையோடு காற்று எல்லையை ஒட்டி நகர்ந்து, ஏறுகாற்றின் அடியை நோக்கி வருகிறது. வருகிற வழியில் அது சரிந்து இறங்கிக்கொண்டும் இருக்கிறது. இறங்கும்போதே உருளை சாய்ந்து நிமிரத் தொடங்கினால், காற்று தரையைத் தொடும் நேரத்தில் நிமிர்ந்த சுழற்சி அதன் கையில் இருக்கும். ஏறுகாற்றால் செய்ய முடியாததை இறங்குகாற்று செய்துவிட்டது.

இனி அதைத் தூக்கி இழுக்க வேண்டும். தலைக்கு மேலே ஒன்றிரண்டு கிலோமீட்டரில் மெசோசைக்ளோன் பலமாகச் சுழன்றுகொண்டிருந்தால், அதன் நடுவில் காற்றழுத்தம் குறைவாக இருக்கும். அந்தக் குறைந்த அழுத்தம் கீழே உள்ள காற்றை உறிஞ்சி மேலே இழுக்கும். மேலே உள்ள சுழல் டொர்னாடோவாகக் கீழே இறங்குவதில்லை. அது வேக்குவம் கிளீனர் வேலை பார்க்கிறது, அவ்வளவுதான்.

இழுக்கப்படும் காற்று நீண்டு மெலியும். மெலிந்தால் வேகம் கூடும். ஆபீஸில் உள்ள சுழல் நாற்காலியில் இரண்டு கையிலும் தடிப் புத்தகங்களை நீட்டிப் பிடித்துச் சுற்றிவிட்டு, கையை மார்போடு மடக்கினால் சட்டென்று வேகம் எகிறும் அல்லவா? அதே கணக்கு. மையத்திலிருந்து 2 கிலோமீட்டர் தள்ளி விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் சுற்றும் காற்றை எடுத்துக்கொள்வோம். அது ஒரு நல்ல தென்றலைவிடக் கொஞ்சம் பலமானது, குடையைத் திருப்பும், அவ்வளவுதான். அது 200 மீட்டருக்குச் சுருங்கினால் தூரம் பத்தில் ஒன்றாகிறது, வேகம் பத்து மடங்காகிறது: விநாடிக்கு 100 மீட்டர், அதாவது மணிக்கு 360 கிலோமீட்டர். நிஜத்தில் தரை உராய்வில் கொஞ்சம் வீணாகும். ஆனாலும் மூரின் காற்று எங்கிருந்து வந்தது என்பதற்கு இந்தச் சின்னக் கணக்கு போதும்.

உராய்வு என்றதும் அது சுழலை அடக்கும் என்று தோன்றும். பாதி சரி. மீதி பாதிக்கு ஒரு டம்ளர் டீ வேண்டும். அடியில் டீத்தூள் கசடு கொஞ்சம் இருக்கட்டும். ஸ்பூனால் நன்றாகச் சுற்றிவிட்டு எடுத்துவிடுங்கள். சுழற்சி கசடை ஓரத்துக்குத் தள்ளும் என்றுதானே எதிர்பார்ப்போம்? அது நடுவில் போய்க் குவியும். டம்ளரின் அடியில் உராய்வால் டீயின் வேகம் குறைகிறது. வேகம் குறைந்ததால் வெளியே தள்ளும் விசை குறைகிறது. உள்ளே தள்ளும் அழுத்தம் மட்டும் அப்படியே இருக்கிறது. அதனால் அடியில் உள்ளது மையத்தை நோக்கி ஓடுகிறது. டொர்னாடோவின் அடியிலும் தரையை ஒட்டிய காற்று இப்படித்தான் மையத்துக்குள் பாய்ந்து, அங்கிருந்து மேலே திரும்புகிறது. டொர்னாடோவின் மிகக் கொடூரமான காற்று வானத்தில் எங்கோ இல்லாமல் தரைக்குச் சில பத்து மீட்டர் உயரத்தில் இருப்பதற்கு இதுவே காரணம். வீடுகள் இருப்பதும் அங்கேதான்.

நான்கில் மூன்று ஏன் தோற்கின்றன என்பதும் இப்போது ஓரளவு புரியும். இறங்குகாற்று மிகவும் குளிர்ந்திருந்தால் கனம் அதிகம். மேலே எவ்வளவுதான் உறிஞ்சினாலும் அது தரையை விட்டுக் கிளம்பாது. சுழற்சி கையில் இருந்தும் வீண். கொஞ்சம் மட்டும் குளிர்ந்த காற்றுதான் வேலைக்கு ஆகும். தரைக்காற்றில் ஈரம் நிறைய இருந்தால் மழை அதிகம் ஆவியாகாது, குளிர்ச்சியும் அளவோடு நிற்கும். மேகத்தின் அடிப்பாகமும் தாழ்வாக இருக்கும். ஆக, ரொம்பப் புழுக்கமான நாளில் தாழ்ந்த மேகம் என்பது வேட்டைக்காரர்களுக்கு ஒரு குறி. டொர்னாடோவைத் துரத்திப் போய்ப் பார்ப்பவர்களைத்தான் சொல்கிறேன். அங்கே அப்படி ஒரு கூட்டமே உண்டு.

முடிவும் இதே குளிர்காற்றால்தான். அது சுழலைச் சுற்றி வளைத்து, புழுக்கக் காற்று வரும் வழியை அடைத்துவிட்டால், டொர்னாடோ மெலிந்து கயிறு போல வளைந்து நெளிந்து அறுந்து போகும்.

ராடார் திரையில் இதெல்லாம் எப்படித் தெரியும்? மழையின் படத்தில் இடிமேகத்தின் தென்மேற்கு மூலையில் தூண்டில் முள் மாதிரி ஒரு கொக்கி வளைந்திருக்கும். சுழல் மழையைத் தன்னைச் சுற்றி இழுத்துக்கொண்டதன் தடம் அது. காற்று வேகத்தின் படத்தில், ராடாரை நோக்கி வரும் காற்று பச்சையாகவும் விலகிப் போகும் காற்று சிவப்பாகவும் இருக்கும். பிரகாசமான பச்சையும் பிரகாசமான சிவப்பும் ஒட்டி ஒட்டி நின்றால் அங்கே ஏதோ சுழல்கிறது. மூரில் மூன்றாவதாக ஒன்றும் தெரிந்தது: கொக்கியின் நுனியில் ஒரு உருண்டை. அது மழை இல்லை. பலகை, தகரம், மரக்கிளை, வீட்டின் பஞ்சுத் திணிப்பு. மழைத்துளிகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே வடிவம், இவை ஆளுக்கொரு வடிவம். இன்றைய ராடார்கள் அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கும். அந்த உருண்டை தெரிந்தால் சந்தேகத்துக்கு இடமில்லை, டொர்னாடோ தரையில் இருக்கிறது, அழித்துக்கொண்டும் இருக்கிறது.

ராடாருக்கு ஒரு பெரிய குறை உண்டு. பூமி வளைந்திருக்கிறது, ராடார் கதிர் ஏறக்குறைய நேராகப் போகிறது. 100 கிலோமீட்டர் தள்ளிப் போகும்போது மிகத் தாழ்ந்த கதிர்கூடத் தரையிலிருந்து சுமார் ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும். அதற்குக் கீழே நடப்பது தெரியாது. சுழல் மேலேயிருந்து இறங்கி வருகிறது என்று வெகுகாலம் நம்பியதற்கு இதுவும் ஒரு காரணம்: மேலே இருப்பதைத்தானே பார்க்க முடிந்தது! மூருக்குப் பதினொரு நாள் கழித்து, 2013 மே 31 அன்று, அதே மாநிலத்தில் எல் ரெனோ என்ற ஊருக்குப் பக்கத்தில் 4 கிலோமீட்டருக்கு மேல் அகலமான ஒரு டொர்னாடோ வந்தது. பதிவான டொர்னாடோக்களில் அதுவே மிக அகலமானது. லாரியில் ஏற்றிய ஒரு வேக ராடார் அதன் அருகில் இருந்தது. அந்தத் தரவையும் அங்கிருந்தவர்கள் எடுத்த படங்களையும் நிமிடம் நிமிடமாக ஒப்பிட்டபோது, கடுமையான சுழற்சி தரையை ஒட்டித்தான் முதலில் உண்டானது என்று தெரிந்தது. மேலே பிறகுதான்.

கடலில் நடப்பது

இனி கடலுக்கு வருவோம். நீர்த்தூண்களைப் பார்க்க உலகில் மிகத் தோதான இடம், ஃபுளோரிடாவின் தென்முனையில் கோர்த்த மணி மாதிரிக் கிடக்கும் கீஸ் தீவுகள். ஆண்டுக்குச் சில நூறு அங்கே வருகின்றன. ஜோசப் கோல்டன் என்ற வானிலை ஆய்வாளர் 1969 முதல் அங்கே விமானத்தில் பறந்து இவற்றைப் பின்தொடர்ந்தார். நீர்த்தூணின் வாழ்க்கையைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அவர் பார்த்துச் சொன்னது.

ஆழமில்லாத அந்தக் கடல் கோடையில் 30 டிகிரி வெப்பம். காற்று ரொம்ப லேசு. மேலே பலமான மேற்குக் காற்று கிடையாது. அதாவது சூப்பர்செல்லுக்குத் தேவையான பென்சில் இங்கே இல்லவே இல்லை. மேகங்களும் இடிமேகம் என்று சொல்லும் அளவுக்குப் பெரியவை அல்ல. வரிசையாகக் காலிஃபிளவர் மாதிரி வளர்ந்து நிற்கும், சிலவற்றில் மின்னல்கூட இருக்காது.

அப்படியானால் சுழி ஏது? அது கடல்மட்டத்திலேயே இருக்கிறது. ஆற்றில் வேகமான ஓட்டமும் மந்தமான ஓட்டமும் உரசும் இடத்தில் சின்னச் சின்னச் சுழிகள் வருவதைப் பார்த்திருப்பீர்கள். தீவுகள் வெயிலில் சூடாகி அவற்றை நோக்கிக் கடல்காற்று வரும்போதும், பக்கத்து மழையிலிருந்து குளிர்காற்று பரவும்போதும், கடல்மேல் இரண்டு காற்றுகள் உரசும் கோடு ஒன்று உண்டாகும். அந்தக் கோட்டில் சுழிகள் பிறக்கும். இவை ஏற்கெனவே நின்றபடி சுழல்பவை. நிமிர்த்த வேண்டாம், இறங்குகாற்றின் சுற்றுவழியும் வேண்டாம்.

பெரும்பாலான சுழிகள் சும்மா கரைந்துவிடும். அதே கோட்டில் காற்றுகள் முட்டி மேலெழுவதால் மேகமும் அங்கேதான் வளர்கிறது. வேகமாக வளரும் ஒரு மேகம் ஒரு சுழியின் தலைக்கு நேரே வந்துவிட்டால், அதன் ஏறுகாற்று சுழியைப் பிடித்து மேலே இழுக்கும். இழுத்தால் மெலியும், மெலிந்தால் வேகம். அந்தக் கடைசிக் கட்டம் மட்டும் மூரில் நடந்ததேதான். நிலத்து ராட்சசனுக்கும் கடல் நீர்த்தூணுக்கும் பொதுவானது அந்தச் சுழல் நாற்காலிக் கணக்கு ஒன்றுதான்.

கோல்டன் விமானத்திலிருந்து பார்த்த முதல் அறிகுறி, கடல்மேல் ஒரு கரும்புள்ளி. வெளிறிய ஒரு வட்டம், அதைச் சுற்றிக் கருத்த நிறம். படகில் இருப்பவருக்கு அது தெரியாது. அந்த நேரத்தில் மேகத்திலிருந்து துதிக்கை எதுவும் இறங்கியிருக்கவும் வேண்டியதில்லை, ஆனால் சுழல் கடலிலிருந்து மேகம்வரை ஏற்கெனவே நிற்கிறது. அப்புறம் அந்தப் புள்ளியைச் சுற்றி வெளிச்சமும் இருட்டுமாகச் சுருள் பட்டைகள் தோன்றும். பிறகு காற்று வேகம் கூடியதும் நீர்த்திவலைகள் வளையமாகக் கிளம்பும். நாம் வீடியோ எடுப்பது இதற்கும் அடுத்த கட்டத்தை. துதிக்கை முழுதாக இறங்கிய பிறகு. கடைசியில் மேகத்திலிருந்து மழை பெய்து குளிர்காற்று கீழே பரவியதும் புழுக்கக் காற்றின் வரத்து நின்று தூண் சாய்ந்து கலையும். மொத்தம் ஐந்திலிருந்து இருபது நிமிடம். காற்று பெரும்பாலானவற்றில் விநாடிக்கு 30 மீட்டரைத் தாண்டாது. பெரிய கப்பலுக்கு ஒன்றும் ஆகாது, சின்னப் படகைக் கவிழ்க்கும்.

சரி, அது தண்ணீரை உறிஞ்சுகிறதா? கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். காற்றழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் கடல்மட்டம் ஒரு சென்டிமீட்டர் உயரும். நிலத்து டொர்னாடோ ஒன்றின் பாதையில் கருவியை வைத்து அளந்ததில், 2003 ஜூன் 24 அன்று தெற்கு டகோட்டாவின் மான்செஸ்டர் என்ற ஊரில் 100 ஹெக்டோபாஸ்கல் வீழ்ச்சி பதிவாயிற்று. அந்த அசுர வீழ்ச்சியே கடல்மேல் வந்தாலும் தண்ணீர் ஒரு மீட்டர் எழும்பும், அவ்வளவுதான். மேகம் இருப்பதோ பல நூறு மீட்டர் உயரத்தில். நாம் தூணாகப் பார்ப்பது கடல்நீர் அல்ல, மேகம். சுழலின் நடுவில் அழுத்தம் குறைவதால் காற்று குளிர்ந்து, அதிலுள்ள ஈரம் அங்கேயே துளிகளாகிறது. பிரஷர் குக்கர் விசில் அடிக்கும்போது தெரியும் வெள்ளைப் புகை போலத்தான், காற்றில் மிதக்கும் நுண்துளிகள். எனவே அது நல்ல தண்ணீர், உப்பு இல்லை. அடியில் சில மீட்டர் உயரத்துக்குப் பொங்குவது மட்டும்தான் கடல்நீர். மேகம் கடலில் போய் நீர் மொண்டு வருகிறது என்ற பழைய எண்ணம் எனக்கும் பிடிக்கும். இந்த வீடியோக்களை அதற்குச் சாட்சியாகக் காட்டக் கூடாது என்பதுதான் என் சிக்கல்.

இதே காரணத்தால் தூண் தெரியாத இடத்திலும் சுழல் இருக்கலாம். காற்று கொஞ்சம் வறண்டிருந்தால் துதிக்கை பாதியிலேயே நின்றுவிடும். கீழே தண்ணீர் வளையமாகப் பொங்கினால், நடுவில் வெற்றிடமாகத் தெரிந்தாலும் சுழல் முழுசாக இருக்கிறது. நிலத்தில் அந்த வளையத்துக்குப் பதில் புழுதி கிளம்பும்.

கடல், நிலம் என்று பிரிப்பதில் உள்ள கோளாறு

நீர்த்தூண் என்றால் பாவம், டொர்னாடோ என்றால் கொலைகாரன் என்று இடத்தை வைத்துப் பிரித்துவிட முடியாது. சூப்பர்செல் கடல்மேலும் வரும். அதிலிருந்து இறங்கும் சுழலும் தண்ணீர்மேல் இருப்பதால் நீர்த்தூண் என்றே அழைக்கப்படும். பிறப்பில் அது மூரின் தம்பி. வேகமாக நகரும், ஆலங்கட்டியும் மின்னலும் கூடவே வரும். மறுபக்கம், கொலராடோவின் டென்வர் நகரை ஒட்டிய சமவெளியில், சூப்பர்செல் எதுவும் இல்லாமல், இரண்டு காற்றுகள் உரசும் கோட்டில், வளரும் மேகத்தின் அடியில் சுழல்கள் எழுகின்றன. கீஸ் தீவுகளின் அதே ஏற்பாடுதான், கீழே தண்ணீருக்குப் பதில் புல்வெளி. ஹோவர்ட் ப்ளூஸ்டைன் என்ற ஆய்வாளர் 1985-இல் இதற்கு லேண்ட்ஸ்பவுட் என்று பெயர் வைத்தார். நிலத்து நீர்த்தூண் என்று சொல்லலாம், தமிழில் கொஞ்சம் வேடிக்கையாக இருந்தாலும்.

சாதாரண நீர்த்தூணுக்கு எச்சரிக்கை கொடுப்பது ஒரு விதத்தில் இன்னும் கடினம். மேலே மெசோசைக்ளோன் இல்லாததால் ராடாரில் முன்கூட்டி எதுவும் தெரியாது. சுழலோ ஒல்லி, அதுவும் கதிருக்குக் கீழே. எனவே லேசான காற்று, சூடான கடல், மேக வரிசை என்று நாள் ஒத்து வந்தால் "இன்று வரலாம்" என்று பொதுவாகச் சொல்வார்கள். அப்புறம் படகிலோ விமானத்திலோ இருக்கும் யாராவது கண்ணால் பார்த்துச் சொன்ன பிறகுதான் குறிப்பிட்ட இடத்துக்கு எச்சரிக்கை போகும். கரையேறும் நீர்த்தூண் தரை உராய்விலும் ஈரக்காற்று குறைவதாலும் பெரும்பாலும் சில நிமிடங்களில் செத்துவிடும். ஆனால் அதற்குள் கடற்கரைக் கூடாரங்களையும் குடைகளையும் வீசிவிடும். அதனால் கரையை நெருங்கினால் அமெரிக்காவில் அதற்கு டொர்னாடோ எச்சரிக்கையே கொடுக்கிறார்கள்.

படகில் இருப்பவருக்குச் சொல்லப்படும் வழி எளிது. தூண் எந்தப் பக்கம் நகர்கிறது என்று தொலைவில் உள்ள ஏதாவது ஒரு குறியை வைத்துக் கொஞ்ச நேரம் பார்க்க வேண்டும். பிறகு அதன் போக்குக்குச் செங்குத்தாகப் படகைத் திருப்ப வேண்டும். அதற்கு முன்னால் ஓடினால் துரத்திக்கொண்டு வருவது போலாகிவிடும். குறியை வைத்துப் பார்த்தும் தூண் இடம், வலம் எந்தப் பக்கமும் நகராமல், அதே இடத்தில் நின்றபடி கொஞ்சம் கொஞ்சமாகத் தடித்துக்கொண்டே வந்தால், அது நின்றுகொண்டிருக்கவில்லை. நேராக உங்களை நோக்கி வருகிறது.